சர்வே எண்ணில் முளைத்த ‘யு’

பம்மலில் இருக்கும் சித்தப்பா ஒரு பிரமாணப் பத்திரத்தை வாட்ஸப்பில் அனுப்பினார். பக்கத்து மனைக்காரரோடு எல்லைத் தகராறு. தாம்பரம் கோர்ட்டில் தமிழிலேயே தாக்கல் செய்யப் போகிறார்கள். “ஒரு தடவை படிச்சுப் பாருப்பா, நாளைக்கு நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போடணும்” என்றார். நாலாவது பத்தியில் சர்வே எண் ‘112ஃ2யு’ என்றும், கிரயத் தொகை ‘ரூ.5இ00இ000’ என்றும் இருந்தது. (எண்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.)

டைப் செய்தவர் மேல் தப்பில்லை. அவர் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். அது யூனிகோட் இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் முகமூடி. பாமினியில் ‘அம்மா’ என்பது `mk;kh`. அதில் `A` என்றால் ‘யு’, `/` என்றால் ‘ஃ’, `,` என்றால் ‘இ’. அதனால் சர்வே எண்ணையும் தொகையையும் மட்டும் Times New Roman-இல் அடித்திருக்கிறார். அச்சில் எல்லாம் சரியாகவே இருந்தது. வக்கீல் ஆபீஸில் திருத்துவதற்காக யூனிகோடுக்கு மாற்றியபோது, கன்வெர்ட்டருக்கு எது எந்த எழுத்துரு என்று தெரியவில்லை. 112/2A-வையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிட்டது.

வக்கீல் கேட்டது “Times New Roman, 14”. இது உச்ச நீதிமன்றம் தன்னிடம் தாக்கலாகும் மனுக்களுக்காக 2020-இல் சொன்ன அளவு: A4 தாள், இரு பக்க அச்சு, ஒன்றரை வரி இடைவெளி, இடம் வலம் 4 செ.மீ., மேல் கீழ் 2 செ.மீ. மேற்கோளுக்கு மட்டும் 12. ஆனால் Times New Roman-இல் தமிழ் எழுத்தே கிடையாது. யூனிகோட் தமிழுக்கு அதைப் போட்டால், வேர்ட் சத்தமில்லாமல் வேறொரு தமிழ் எழுத்துருவைக் காட்டும். பாமினிக்குப் போட்டால் பக்கம் முழுக்க `mk;kh` மாதிரி ஆகிவிடும். சோதித்துப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை (ஒரு நகலில் செய்யுங்கள்!).

நான் சொன்ன வழி இதுதான். முழுவதையும் யூனிகோடில், Nirmala UI மாதிரி ஒரே எழுத்துருவில் வையுங்கள். தமிழுக்கான அளவை வேர்டின் Font பெட்டியில் Complex scripts என்ற இடத்தில் தனியாகப் பாருங்கள். மேலே 14 என்று காட்டினாலும் அங்கே வேறு எண் இருக்கலாம். அழுத்தமாகத் தெரியட்டும் என்று பத்தி பத்தியாக போல்டு போட வேண்டாம். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்கும்போது புள்ளிகள் முதலில் அடைந்துபோகும்.

கன்வெர்ட் செய்திருந்தால் எண்களை மட்டும் மூலப் பத்திரத்தோடு விரல் வைத்து ஒப்பிட வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6-ஆம் கட்டளை, 2-ஆம் விதி, வழக்குரையில் தேதி, தொகை, எண் எல்லாவற்றையும் இலக்கத்திலும் எழுத்திலும் எழுதச் சொல்கிறது. பிரமாணப் பத்திரத்திலும் அதையே செய்வேன். பக்கத்திலேயே ‘ரூபாய் ஐந்து லட்சம்’ என்று இருந்திருந்தால், ‘5இ00இ000’ கண்ணில் பட்டாலும் தொகையில் சந்தேகம் வந்திருக்காது. சர்வே எண்ணுக்குத்தான் இந்தக் காப்பு போதாது. 2A-வும் 2B-யும் வேறு வேறு மனை. பாமினிக் கணக்கில் ‘யு’வுக்கும் ‘டீ’க்கும் உள்ள வித்தியாசம்.

நோட்டரி முன் கையெழுத்தான பிறகு ஒரு பக்கத்தை மட்டும் உருவி வேறு பக்கம் செருக முடியாது. அன்று ராத்திரியே கடையைத் திறக்கச் சொல்லி, மூன்று இடத்தில் திருத்தி, சித்தப்பா மறுபடி அச்செடுத்தார்.