முதுகுக்குப் பின்னால் சூரியன்

ஜான் எவரெட் மில்லே என்ற ஆங்கில ஓவியர் 1856-இல் 'பார்வையற்ற பெண்' என்ற படத்தை முடித்தார். கண் தெரியாத பெண் ஒருத்தி வயல்வெளியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால், கறுத்த வானத்தில், அவளால் பார்க்க முடியாத இரட்டை வானவில். மில்லே முதலில் இரண்டு வில்லுக்கும் நிறங்களை ஒரே வரிசையில் தீட்டிவிட்டார். வெளி வில்லில் நிறங்கள் தலைகீழாக இருக்கும் என்று யாரோ எடுத்துச் சொல்ல, தூரிகையை மறுபடி எடுத்துத் திருத்தினார்.

இன்று கணினியிலும் கைப்பேசியிலும் மேகமூட்டப் படங்களுக்கு வானவில் சேர்ப்பவர்கள் பலர். நிற வரிசையில் இவர்கள் அவ்வளவாகத் தவறுவதில்லை. தவறுவது இடத்தில். கன்னியாகுமரியில் சூரியன் கடலில் இறங்குகிறது, அதன் தலைக்கு மேலேயே ஏழு நிற வளைவு. இப்படி ஒரு காட்சியை எவரும் கண்டிருக்க முடியாது.

காரணம் எளிது. சூரிய ஒளி மழைத்துளிக்குள் நுழைந்து, உள்ளே ஒருமுறை எதிரொளித்து, வந்த பக்கமாகவே திரும்புகிறது. ஆகவே பார்ப்பவரின் முதுகுப் பக்கம் சூரியனும் முகத்துக்கு எதிரே மழையும் இருக்க வேண்டும். சூரியனிலிருந்து நம் தலை வழியாக ஒரு நேர்கோடு போட்டால், அது நம் தலையின் நிழலில் போய் விழும். வானவில்லின் மையம் அதுதான். அந்தக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 42 பாகை விலகிய திசைகளிலெல்லாம் வில் தெரிகிறது. இந்தக் கோணத்தைக் கணக்கிட்டு 1637-இல் வெளியிட்டவர் பிரெஞ்சு அறிஞர் தெகார்த்.

இதிலிருந்தே உச்சியின் உயரமும் கிடைத்துவிடும்: 42-இலிருந்து சூரியனின் உயரத்தைக் கழித்தால் போதும். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் வில் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். நவம்பர் தொடக்கத்தில் சென்னையில் காலை ஒன்பதேகாலிலிருந்து பிற்பகல் இரண்டரை வரை இந்த நிலைதான். உச்சிவேளைப் படத்தில் வானவில்லை ஒட்டுவது வீண் வேலை.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வேலையைச் செய்து பார்க்கலாம். நவம்பர் தொடக்கம், மாலை நாலேகால் மணி, மெரினா மணல். கைப்பேசியின் வழக்கமான கேமரா, 4000-க்கு 3000 பிக்சல் படம், அடிவானம் சரியாக நடுவில். கடல்மேல் கறுத்த மழை மேகம், மணலில் மஞ்சள் வெயில். அந்த நேரத்தில் அங்கே சூரியன் ஏறத்தாழ 20 பாகை உயரத்தில் இருக்கும். எடுத்த நேரம் படக்கோப்பிலேயே பதிவாகியிருக்கும். அது இல்லாவிட்டால் நிழலை அளக்கலாம்: நிமிர்ந்து நிற்கும் ஆளின் நிழல் அவர் உயரத்தைப் போல் இரண்டே முக்கால் மடங்கு இருந்தால் சூரியன் 20 பாகையில் நிற்கிறது. அந்த மாதத்தில் சூரியன் தென்மேற்குப் பக்கம் சாய்ந்திருப்பதால் வில்லின் நடு நேர் கிழக்கில் அமையாது, வடக்கே சாயும். நம் படமெடுப்பவர் அந்தப் பக்கமே திரும்பி நின்றிருக்கிறார் என்று கொள்வோம். அவருடைய நிழல் படத்தின் அடிப்பகுதியில் நட்டநடுவே நேராக நீளுகிறது.

நிழல் இப்படி நீண்டிருப்பதே முதல் சோதனை. கம்பங்களின் நிழல் பக்கவாட்டில் விழுந்திருந்தால் அந்தச் சட்டகத்துக்குள் வானவில் வரவே வராது. வேறு படம் தேடிக்கொள்வது நல்லது. நிழலே இல்லாத சாம்பல் நிற மூட்டமும் ஐயத்துக்குரியது. தொலைவில் மட்டும் வெயில் அடித்து மழையில் பட்டிருக்கலாம்தான், ஆனால் அதற்கான வெளிச்சக் கீற்று எங்காவது தெரிய வேண்டும்.

இனி இடம். 42-இல் 20 போக 22 பாகை உயரத்தில் உச்சி. இந்தக் கேமராவின் கணக்கில் அது அடிவானத்துக்கு மேலே சுமார் 1,200 பிக்சல். வில்லின் கால்கள் கடலைத் தொடும் இடங்கள், நடுவிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 2,300 பிக்சல் தொலைவில். படத்தின் பாதி அகலமே 2,000 என்பதால் கால்கள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன. முழு வில்லையும் ஒரே படத்தில் அடக்கிவிட வேண்டும் என்ற ஆசை இங்கேதான் காலை வாருகிறது. கைப்பேசியின் அகன்ற கோண லென்ஸில் எடுத்த படத்தில்தான் இரு கால்களும் சேர்ந்து அடங்கும்.

உச்சி, இரு கால்கள் ஆகிய மூன்று புள்ளிகளின் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் நமக்கு வேண்டிய வளைவு கிடைத்துவிடும். அதன் ஆரம் சுமார் 2,800 பிக்சல். இந்த வட்டத்தின் மையம் தலை நிழலுக்கும் கீழே, படத்தின் கீழ் விளிம்பைத் தாண்டி இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். லென்ஸ் ஓரங்களை இழுத்துக் காட்டுவதால் வரும் விளைவு அது.

பட்டையின் அகலத்தில்தான் பெரும்பாலோர் தாராளமாகிவிடுகிறார்கள். உண்மையான வில்லின் அகலம் இரண்டு பாகைதான். நம் படத்தின் உச்சியில் அது 120 பிக்சலுக்குச் சற்றுக் கூட. இணையத்தில் கிடைக்கும் ஆயத்த வானவில்களை அப்படியே இழுத்துப் போட்டால் பட்டை இதைவிடப் பல மடங்கு தடித்து, சுவரில் அடித்த பெயின்ட் மாதிரி நிற்கும்.

அடுத்தது ஒளி. வானவில் மேகத்தை மறைப்பதில்லை, மேகத்தின் வெளிச்சத்தோடு தன் வெளிச்சத்தைக் கூட்டுகிறது. அதனால் கறுப்புப் பின்னணியில் நிறப்பட்டையை வரைந்து தனி லேயராக வைத்து, அதன் கலப்பு முறையை `Screen` என்று மாற்ற வேண்டும். ஜிம்ப், போட்டோஷாப் இரண்டிலும் இதே பெயர்தான். கறுப்பு மறைந்து நிறங்கள் மட்டும் மேகத்தில் படியும். கறுத்த மேகத்தில் வில் துலங்கும், வெள்ளை மேகத்தில் தானாகவே கரையும். இயற்கையிலும் அப்படித்தான். சாதாரண முறையில் வைத்து `Opacity`-யை மட்டும் குறைத்தால், இருண்ட மேகத்தின்மேல் பாலாடை படிந்ததுபோல் வில் வெளிறிவிடும்.

`Screen`-இல் வைத்த பிறகு `Opacity` 25 முதல் 35 சதவீதம் வரை போதும். நிறங்களுக்கு இடையே கோடு தெரியாமல் இருக்க `Gaussian Blur` பத்துப் பன்னிரண்டு பிக்சல் கொடுக்கலாம். சிவப்பு வெளிப்பக்கம், ஊதா உள்பக்கம். ஊதா அநேகமாகக் கண்ணுக்கே தட்டுப்படாத அளவுக்கு மங்கலாக இருப்பதுதான் சரி. மாலை வெயில் மஞ்சளடித்த படத்தில் நீலத்தையும் சற்றுக் குறைக்க வேண்டும், அந்த வெயிலில் நீலம் குறைவு.

இதன்பின் மாஸ்க். மழை இல்லாத நீலத் துண்டுகளின்மேல் வில்லை மென்மையான தூரிகையால் அழித்துவிட வேண்டும். நம் பக்கத்தில் நிற்கும் சுண்டல் வண்டி, படகு, ஆட்கள் ஆகியோர்மேல் நிறம் படியக்கூடாது. தொலைவில் நிற்கும் கப்பலின் கதை வேறு: நமக்கும் கப்பலுக்கும் இடையே மழை பெய்தால் வில் கப்பலுக்கு முன்னால்தான் தெரியும். அங்கே அழித்தால்தான் தப்பு.

கண்ணுக்கு எளிதில் எட்டாத ஒன்று, வில்லின் உட்புறம். அங்கே உள்ள மழைத்துளிகளும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், வளைவுக்கு உள்ளே வானம் வெளியே இருப்பதைவிடச் சற்று வெளுத்திருக்கும். உள்பக்கத்தை மிக இலேசாக, பார்ப்பவர் கவனிக்காத அளவுக்கு, வெளிச்சப்படுத்தினால் ஒட்டுப்போட்ட தோற்றம் போய்விடும்.

மில்லேயைப் போல இரண்டாவது வில்லும் வேண்டுமென்றால் அது 51 பாகையில் வரும். நிறங்கள் புரண்டு, முதல் வில்லைவிட மங்கலாக இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட வானம் சற்று இருண்டிருக்கும். நம் மெரினா படத்தில் அதன் உச்சி சட்டகத்தைத் தாண்டி மேலே போய்விடுவதால், மேல் மூலைகள் இரண்டிலும் ஒரு சிறு துண்டு மட்டுமே மிஞ்சும். அதற்கு `Opacity` 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.