பிரேக் பேடும் பதின்மூன்றாயிரம் ரூபாய் எஸ்டிமேட்டும்

பிரேக் மிதிக்கும்போது முன்சக்கரத்திலிருந்து 'கிரீச்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் பேட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பல கார்களின் பேடில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும் உராய்வுப் பொருள் இரண்டு மூன்று மில்லிமீட்டராகக் குறையும்போது அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிச் சத்தம் எழுப்பும். அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட எச்சரிக்கை மணி. இந்தச் சத்தத்தோடு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையும் ஒரு சிறிய பெட்ரோல் காருக்கு இப்படி ஒரு எஸ்டிமேட் வருவதாக வைத்துக்கொள்ளலாம்: முன் பேட் செட் 1,900 ரூபாய், டிஸ்க் இரண்டு 4,400, பிரேக் ஆயில் 400, பேட், டிஸ்க் மாற்றக் கூலி 1,500, காலிப்பர் சர்வீஸ் 1,200, பிரேக் கிளீனிங் 600, வீல் அலைன்மென்ட் 700, கன்ஸ்யூமபிள்ஸ் 350. கூட்டினால் 11,050. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,989. மொத்தம் 13,039 ரூபாய்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரியைத்தான். உதிரிபாகப் பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே சீராக 18 சதவீத ஜிஎஸ்டி. 1,900 ரூபாய் பேடில் ஏறத்தாழ 290 ரூபாய் ஏற்கெனவே வரிதான். எம்ஆர்பியைப் பில்லில் எழுதிவிட்டு அதன்மேல் மறுபடி வரி போட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை வாங்குவதாகும். மேலே உள்ள கணக்கில் பேட், டிஸ்க், ஆயில் மூன்றும் சேர்ந்து 6,700. அதற்குப் போட்ட வரி 1,206 ரூபாய் அப்படியே கழிய வேண்டியது. கூலிக்கு மட்டும்தான் தனியாக வரி சேரும். மோசடி என்று சொல்வதற்கு முன் கணினியில் விலையைத் தப்பாக ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்பது முறை. பல இடங்களில் கேட்டவுடன் திருத்திவிடுவார்கள். யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.

அடுத்தது 4,400 ரூபாய் டிஸ்க். "டிஸ்க் போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டால் போதாது, அளந்து காட்ட வேண்டும். டிஸ்க் எவ்வளவு மெலியலாம் என்ற குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின் நடுப்பாகத்திலோ விளிம்பிலோ பொறிக்கப்பட்டிருக்கும். பேட் உரசாத வெளி விளிம்பில் வரப்பு மாதிரி ஒரு மேடு நிற்கும். சாதாரண வெர்னியரை வைத்தால் அது இந்த மேட்டில் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். மைக்ரோமீட்டரை உள்ளே தள்ளி உரசும் பரப்பில் நான்கைந்து இடத்தில் அளப்பதுதான் சரி. அளவு பொறித்த எண்ணுக்குக் கீழே போயிருந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ டிஸ்க்கை மாற்றித்தான் ஆக வேண்டும். மிதிக்கும்போது ஸ்டியரிங் உதறுகிறது என்றால் அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். இந்தக் காரணம் எதுவும் இல்லாமல் டிஸ்க் மாற்றச் சொன்னால் அந்த வரியை அடித்துவிடலாம்.

மீதி வரிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பேட் மாற்றுவதால் சக்கரத்தின் கோணம் மாறாது. வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, டயர் ஒரு பக்கமாகத் தேயவில்லை என்றால் அலைன்மென்ட்டுக்கு இங்கே வேலை இல்லை. காலிப்பர் சர்வீஸ் என்றாலே கழற்றித் துடைத்து கிரீஸ் போடுவதுதான், ஆகவே பிரேக் கிளீனிங் அதே வேலைக்கு இரண்டாவது பெயர். துடைக்கும் துணிக்கும் கிரீஸுக்கும் 350 ரூபாய் கேட்டால் என்னென்ன என்று எழுதித் தரச் சொல்லலாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது. மாற்றி இரண்டு ஆண்டுக்குமேல் ஆகியிருந்தால் அந்த 400 நியாயமானது. டிஸ்க் கழற்ற வேண்டியதில்லை என்பதால் கூலி 700 ஆகக் குறைகிறது என்று கொண்டால், பேடும் ஆயிலும் 2,300, கூலியும் காலிப்பர் சர்வீஸும் வரியோடு 2,242. ஆக 4,542 ரூபாய். டிஸ்க் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அதன் எம்ஆர்பியும் கூடுதல் கூலியும் சேரும்.

இனி அந்த 1,900 ரூபாய் பேட் அசல்தானா என்ற கேள்வி. கம்பெனி பெட்டியில் வராததெல்லாம் டூப்ளிகேட் அல்ல. கார் கம்பெனிக்கு பேட் செய்து கொடுக்கும் தொழிற்சாலையே தன் சொந்தப் பெயரிலும் விற்கலாம். தரமான வேறு தயாரிப்பாளர்களும் உண்டு. இவை நேர்மையான பொருள்கள், விலையும் குறைவாக இருக்கலாம். டூப்ளிகேட் என்பது இன்னொருவர் பெயரைத் திருடிப் போட்டுக்கொண்டு வருவது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகக் கடைத்தெருவில் இந்த வித்தியாசம் வாங்குபவருக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி, எம்ஆர்பி, மாதமும் ஆண்டும், புகார் சொல்ல வேண்டிய தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். பாகத்தின் எண்ணை கம்பெனியின் பட்டியலோடு ஒப்பிடலாம். ஹோலோகிராமை மட்டும் நம்புவதற்கில்லை. பளபளக்கும் ஸ்டிக்கர் அடிப்பது பெரிய வித்தையல்ல. க்யூஆர் குறியீடு இருந்தால் அதைக் கம்பெனியின் சொந்தச் செயலியில்தான் சோதிக்க வேண்டும். ஒரே குறியீட்டை ஆயிரம் பெட்டியில் அச்சிட்டிருந்தால், பலமுறை ஸ்கேன் செய்யப்பட்டது என்று சில செயலிகள் சொல்லிவிடும்.

ஆனாலும் பெட்டி அசல், சரக்கு போலி என்ற விளையாட்டும் உண்டு. பிரித்த காலிப் பெட்டி கிழிபடாமல் வெளியே போனால் அதில் வேறு பேட் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் பொருளைக் கையில் எடுத்தே பார்க்க வேண்டும். நல்ல பேடின் பின்தகடு பிசிறில்லாமல் வெட்டப்பட்டு, பூச்சு ஒரே சீராக இருக்கும். அதில் தயாரிப்பு எண் தெளிவாகப் பதிந்திருக்கும். பல பேட்களின் ஓரத்தில் 'எஃப் எஃப்' போன்ற இரண்டெழுத்துக் குறியீடும் இருக்கும்: முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வையும், இரண்டாவது சூடேறிய பின் உள்ள உராய்வையும் குறிப்பது. போலியில் விரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாலே தூள் உதிரலாம். பின்தகட்டுக்கும் உராய்வுப் பொருளுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி தெரியலாம். காலிப்பரில் பொருத்த அரம் போட்டுத் தேய்க்க வேண்டியும் வரலாம். போலியின் பெரிய ஆபத்து ஊருக்குள் தெரியாது. மலைப்பாதையில் இறங்கும்போது சூடேறிய பிறகுதான் பிரேக் பிடிக்காமல் வழுக்கும்.

மெக்கானிக் எப்படிப்பட்டவர் என்பதும் இதே வேலையில் தெரிந்துவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் உதிரிபாகம் பற்றிய சந்தேகம் குறைவு. ஆனால் பேசுபவர் ஒருவர், வண்டியைத் தொடுபவர் வேறொருவர். தெருமுனை கராஜில் கை வைப்பவரிடமே பேசலாம். பாகம் எங்கிருந்து வந்தது என்பதுதான் அங்கே கேள்வி. இரண்டு இடத்திலும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறார்களா என்பது ஒரு நல்ல சோதனை. காலிப்பரைக் கழற்றியதும் அதைப் பிரேக் ஹோஸிலேயே தொங்கவிடுபவர் அவசரக்காரர். அந்த எடையில் ஹோஸ் உள்ளுக்குள் கிழியலாம். விஷயம் தெரிந்தவர் ஒரு கம்பியால் அதை ஸ்பிரிங்கில் மாட்டிவைப்பார். காலிப்பர் நகரும் பின்னுக்குச் சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உறை ஊதிவிடும் என்பதால் அதற்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸை எடுப்பார். ஆயிலை சீல் பிரிக்காத டப்பாவிலிருந்துதான் ஊற்றுவார். கடைசியில் வண்டியை நகர்த்துமுன் பெடலை நாலைந்து தடவை மிதித்து இறுக்கிக்கொள்வார். இதை மறந்தால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும்.

புது ஆளிடம் முதலில் இவ்வளவு சிறிய வேலையைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. கிளட்ச், இன்ஜின் என்று பெரிதாக ஆரம்பிக்க வேண்டாம். கேட்காமலே பழைய பேடைக் கையில் கொடுப்பவர், பாகத்தின் எண்ணோடு பில் போடுபவர் என்றால் அடுத்த வேலைக்கும் போகலாம். பில் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகமாகவே கருதுகிறது. பில் இல்லாமல் உத்தரவாதமும் கேட்க முடியாது.

புது பேட் போட்டதும் சில நாள் லேசான சத்தமும், பிடிப்பில் கொஞ்சம் மந்தமும் இருக்கலாம். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பதிய முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை அவசியமில்லாமல் பிரேக்கைச் சட்டென்று அழுத்தி மிதிக்கக் கூடாது. அதன் பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் பில்லோடு திரும்பப் போக வேண்டியதுதான்.