“முதல்ல எதைக் கேக்கணும்னு நினைக்கிறீங்க?”

ஆபரேஷனுக்குச் சற்று முன் டாக்டர் வந்து, “ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க” என்று சொல்லிவிட்டு நகர்வதைப் பலரும் பார்த்திருப்போம். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் வாய் திறக்க முடியாது. “ஒருவேளை ஏதாவது ஆயிட்டா?” என்று கேட்பவர் அபசகுனம் பேசியவர் ஆகிவிடுவார். ஆறுதலாக வந்த வார்த்தை கேள்விகளுக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. கேட்காத கேள்வி எங்கும் போவதில்லை. டாக்டர் போனதும் நர்ஸிடம், வார்டு ஆயாவிடம், பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கேட்கப்படுகிறது. பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் கேட்கப்படுவதில்லை.

அதை வேறு மாதிரி தொடங்கினால் என்ன நடக்கும் என்று ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். இது ஒரே வீட்டுக் கதை அல்ல. எலும்பு சிகிச்சை வார்டுகளில் அன்றாடம் நடப்பவற்றைக் கோத்தது.

அம்மாவுக்கு 78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகிவிட்டது. காலை 10 மணிக்கு ஆபரேஷன். மணி எட்டு. மகன், வெளியூரிலிருந்து இரவோடு இரவாக வந்த மகள், அம்மாவின் தம்பி ஆகியோர் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். சர்ஜன் உள்ளே வந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார். அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்குகிறார்.

“வணக்கம்மா. உங்களுக்கு ஆபரேஷன் பண்ணப்போற டாக்டர் நான்தான். இவங்கள்லாம் யாரு, எனக்குச் சொல்லுங்க.”

உட்காருவது வெறும் மரியாதைக்காக அல்ல. அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதை அளந்து பார்த்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த நோயாளிகளிடம் ஒரே டாக்டர் சிலரிடம் நின்றபடியும் சிலரிடம் உட்கார்ந்தபடியும் பேசினார். இரண்டு விதத்திலும் அவர் செலவிட்டது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். ஆனால் உட்கார்ந்து பேசியபோது அவர் கூடுதல் நேரம் தங்களோடு இருந்ததாக நோயாளிகள் நினைத்தார்கள். நிற்கிற டாக்டர் கிளம்பப் போகிறவர். கிளம்பப் போகிறவரை யார் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள்?

அம்மா எல்லோரையும் அறிமுகப்படுத்தியதும் சர்ஜன் அடுத்து விளக்கத் தொடங்கவில்லை. “நேத்துலேர்ந்து ஆளாளுக்கு வந்து ஏதேதோ சொல்லியிருப்பாங்க. என்ன செய்யப்போறோம்னு நீங்க புரிஞ்சுக்கிட்டிருக்கீங்க, அதைச் சொல்லுங்கம்மா” என்கிறார்.

“எலும்பு விட்டுப்போச்சாம் டாக்டர் தம்பி. பிளேட் வெச்சு முடுக்கப் போறாங்களாம்.”

அங்கே பிழை வெளிப்பட்டுவிடுகிறது. வைக்கப்போவது பிளேட் அல்ல. தொடை எலும்பின் தலைப்பகுதி ஒரு பந்து. அது இடுப்பில் இருக்கும் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. கழுத்து முறிந்து விலகும்போது அந்தப் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் சிதைகின்றன. திருகாணி போட்டு இணைத்தாலும் ரத்தம் கிடைக்காத பந்து நாளடைவில் செத்துப்போக வாய்ப்பு அதிகம். அதனால் இந்த வயதில் பெரும்பாலும் உடைந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துகிறார்கள். சர்ஜன் தன் முஷ்டியை இன்னொரு உள்ளங்கைக்குள் வைத்துச் சுழற்றிக் காட்டி இதை நாலு வாக்கியத்தில் சொல்லி முடிக்கிறார். அம்மாவிடம் முதலில் கேட்காமல் இருந்திருந்தால் “பிளேட்” என்ற எண்ணத்தின் மேலேயே மற்ற விளக்கங்களும் போய் உட்கார்ந்திருக்கும்.

பிறகு நேரம். காத்திருப்பவர்களை மிரள வைப்பது பல சமயம் கடிகாரம்தான். “ஒரு மணி நேர ஆபரேஷன்” என்று சொல்லிவிட்டுப் போனால், 61ஆவது நிமிடத்தில் மகளின் கை நடுங்கத் தொடங்கும். அதனால் இவர் கணக்கை வேறு விதமாகச் சொல்கிறார்: “பத்து மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போவோம். முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வெக்கணும், ஒருக்களிச்சுப் படுக்க வெக்கணும், சுத்தம் பண்ணணும். அதுக்கே நேரம் ஆகும். நாங்க கை வைக்கிற நேரம் ஒரு மணி, ஒண்ணரை மணி. அப்புறம் கொஞ்ச நேரம் பக்கத்து ரூம்ல வெச்சுப் பார்ப்போம். அம்மாவ நீங்க திரும்பப் பார்க்க ஒரு மணி, ஒண்ணரை மணி ஆயிடும்.” குடும்பத்துக்கு வேண்டிய எண் கத்தி பிடிக்கும் நேரம் அல்ல, அம்மா கண்ணில் படாத நேரம்.

இதற்குப் பிறகு வருவதுதான் முக்கியமான வாக்கியம். வழக்கமாக அது, “வேற ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்று வரும். எழுந்தபடியே கேட்கப்படும். எல்லோரும் “இல்ல சார்” என்பார்கள். அந்தக் கேள்வியின் அமைப்பே ‘இல்லை’ என்ற பதிலை எதிர்பார்க்கிறது. கேள்வி கேட்கும் விதத்தால் பதில் எவ்வளவு மாறும் என்பதற்கு, 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல சாட்சி. சாதாரண கிளினிக்குகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறைகளோடு வந்தவர்களிடம், “வேறு ஏதாவது உண்டா?” என்ற தொனியில் கேட்டபோது 53 சதவீதம் பேர்தான் உண்டு என்றார்கள். “இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறதல்லவா?” என்ற தொனியில் கேட்டபோது 90 சதவீதம் பேர் உண்டு என்றார்கள். அதனால் டாக்டர் செலவிட்ட நேரமும் பெரிதாகக் கூடவில்லை.

நம் சர்ஜன் கேட்பது இப்படி: “இந்த இடத்துல எல்லாருக்குமே கேள்வி வரும். நீங்க முதல்ல எதைக் கேக்கணும்னு நினைக்கிறீங்க?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். கேஸ் ஷீட்டைப் புரட்டவில்லை, போனை எடுக்கவில்லை. ஐந்தாறு நொடி மௌனம்தான். ஆனால் சும்மா இருந்து பழகாத டாக்டருக்கு அதுவே பெரிய பாடு.

மகன்தான் தொடங்குகிறார். “எத்தனை நாள்ல சார் டிஸ்சார்ஜ் பண்ணுவீங்க?” கேட்க வந்த கேள்வி இது இல்லை. இது நாடி பிடித்துப் பார்க்கும் கேள்வி. இதற்கு எரிச்சல் இல்லாமல் பதில் வந்தால்தான் அடுத்தது வெளியே வரும். பதில் வருகிறது. அம்மாவின் தம்பி தயங்கித் தயங்கி, “டாக்டரய்யா, தப்பா எடுத்துக்காதீங்க. புத்தூர் கட்டு போட்டா சேராதுங்களா?” என்கிறார்.

ஆந்திர எல்லையில் இருக்கும் புத்தூர் எலும்புக் கட்டுக்குப் பேர்போன ஊர். வட தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி மனதில் ஓடாத குடும்பம் குறைவு. அதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கும் குடும்பமும் குறைவு. சிரித்தாலோ சீறினாலோ பேச்சு அதோடு முடிந்துவிடும். சில வீடுகளில் அன்று மாலையே நோயாளியை வேனில் ஏற்றிவிடுவார்கள். இவர், “நியாயமான கேள்விதான்” என்று தொடங்குகிறார். “கை எலும்புன்னா வெளியேலேர்ந்து இறுக்கிப் பிடிச்சு வெக்கலாம். இது ஆழத்துல, தசைக்குள்ள இருக்கு. எந்தக் கட்டும் அதை அசையாம பிடிக்காது. பந்துக்கு ரத்தமும் போகல. அம்மா மாசக்கணக்குல படுத்தே இருக்கணும். படுத்தா முதுகுல புண் வரும், நெஞ்சுல சளி கட்டும். நாங்க பயப்படுறது அதுக்குத்தான்.”

இதற்குப் பிறகுதான் மகள் பேசுகிறாள். “உயிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையே சார்?”

இங்கே சர்ஜன் ஒரு வேலை செய்கிறார், எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. அம்மாவிடம் திரும்பி, “இதை நீங்களும் விவரமா கேக்கணுமா, இல்ல பிள்ளைங்ககிட்ட மட்டும் சொல்லட்டுமா?” என்று கேட்கிறார். நம் ஊரில் “அம்மாகிட்ட சொல்லாதீங்க சார், தாங்கமாட்டாங்க” என்று தனியே அழைத்துச் சொல்லும் பிள்ளைகள் அதிகம். ஆனால் நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளிக்குப் பதிலாகக் குடும்பம் சம்மதம் தர முடியாது. ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை அகற்றிய வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனடி உயிராபத்து இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. கையெழுத்து அம்மாவுடையது என்றால் தகவலும் முதலில் அம்மாவுக்குச் சொந்தம். எவ்வளவு கேட்பது என்பதை அவர் தீர்மானிக்கலாம். பிள்ளைகள் தீர்மானிக்க முடியாது.

“சொல்லுங்க தம்பி. விழுந்தது நான்தானே” என்கிறார் அம்மா.

அவர் எண்ணிக்கையில் சொல்கிறார். “இந்த வயசுல நூறு பேருக்கு இடுப்பு முறிஞ்சு ஆபரேஷன் பண்ணா, ஒரு மாசத்துக்குள்ள அஞ்சிலேர்ந்து பத்துப் பேர் வரைக்கும் தவறிப்போறாங்க. தொண்ணூறு பேருக்கு மேல தாண்டிடுறாங்க. ஆபரேஷன் பண்ணாம படுக்கையிலயே வெச்சா இழக்கிறவங்க இன்னும் அதிகம்.” சதவீதம், ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்றெல்லாம் பேசுவதைவிட, நூறு பேரில் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் எட்டும். அதே மூச்சில், ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னதைக் கவனியுங்கள். அது இல்லாத எண் பயத்தை மட்டும்தான் தரும்.

யாரும் கேட்காத ஒன்றையும் அவரே சொல்கிறார். வயதானவர்களில் பலருக்கு ஆபரேஷன் முடிந்த ஓரிரு நாளில் மனக்குழப்பம் வரும். பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகும், இரவில் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பார்கள், ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள். முன்கூட்டியே தெரியாத குடும்பம், ‘மயக்க மருந்து கொடுத்து மூளையைக் கெடுத்துவிட்டார்கள்’ என்றே நினைக்கும். “அப்படி வந்தா பயப்படாம உடனே நர்ஸ்கிட்ட சொல்லுங்க. பெரும்பாலும் சில நாள்ல தெளிஞ்சிடும். கண்ணாடி, காது மெஷின் இருந்தா பக்கத்துலயே வெச்சிருங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணு கூடவே இருக்கட்டும்.”

கடைசிக் கேள்வி அம்மாவுடையது. “கீழ உக்காந்து பூ கட்ட முடியுமா?” இதுவும் மருத்துவக் கேள்விதான். புதுப் பந்து நழுவாமல் இருக்க, கீழே சம்மணமிட்டு உட்காருவதும் இந்தியக் கழிப்பறையில் குந்துவதும் கூடாது. “நாற்காலியில உக்காந்து கட்டலாம்மா. கீழ வேண்டாம்.” மகன் போனை எடுத்து, வீட்டுக் கழிப்பறையில் வெஸ்டர்ன் கம்மோடு வைக்க ஆளைத் தேடத் தொடங்குகிறார். டிஸ்சார்ஜ் அன்று தெரிய வந்திருந்தால் அதற்கு நேரம் இருந்திருக்காது.

எல்லாம் புரிந்ததா என்று சர்ஜன் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். மாறாக மகளிடம், “ஊர்லேர்ந்து சித்தி போன் பண்ணி என்ன ஆபரேஷன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்கிறார். அவள் சொல்லச் சொல்ல, எங்கே பிசகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பந்து, கிண்ணம், ஒன்றரை மணி எல்லாம் சரியாக வருகிறது. ரத்தம் பற்றி மட்டும் தவறு. ஒரு யூனிட் கட்டாயம் ஏற்றப்போவதாக நினைத்திருக்கிறாள். தேவைப்பட்டால் மட்டுமே ஏற்றுவோம், அதற்காகத்தான் தயாராக வைக்கச் சொன்னோம் என்று திருத்துகிறார்.

மொத்தம் பன்னிரண்டு நிமிடம் போயிருக்கலாம். எல்லா நாளும் இது நடக்காது. விபத்தில் ரத்தம் கொட்டிக்கொண்டு வருபவருக்கு ஸ்டூல் போட்டு உட்கார நேரமில்லை. ஒரே நாளில் எட்டு கேஸ் வைத்திருக்கும் அரசு மருத்துவமனை டாக்டருக்கும் இது எளிதல்ல. தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சர் நகர்ந்துகொண்டிருக்கும்போது படிவத்தை நீட்டினால் குடும்பமே தடுத்துக் கேட்கலாம்: “ரெண்டு நிமிஷம் சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லிடுங்க. ஆபரேஷனை நீங்களேதான் பண்றீங்களா?” இரண்டும் கேட்கத் தகுந்தவையே. பயிற்சி மருத்துவர்கள் இருக்கும் இடங்களில் இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் கிடைக்க வேண்டும்.

எழும்போது சர்ஜன் மகளின் போன் எண்ணைக் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொள்கிறார். “முடிஞ்சதும் நானே வந்து சொல்லுவேன். இடையில ஏதாவது மாறினா இந்த நம்பருக்கு ஆள் கூப்பிடுவாங்க. ரெண்டு மணி தாண்டியும் யாரும் வரலைன்னா தியேட்டர் வாசல் சிஸ்டர்கிட்ட கேளுங்க, கோச்சுக்க மாட்டாங்க. அதுக்குள்ள மூணு பேரும் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடுங்க.”