டாக்டர் பெயருக்கு முன்னால் என்ன வர வேண்டும்?

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் மண் தூசியைச் சுவாசிக்கும் ஒருவருக்கு விடாத இருமல். அவர் கைபேசியில் தேடுவது நுரையீரல் மருத்துவரை. டாக்டரின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் தேடல் முடிவில் பல மருத்துவமனைத் தளங்களின் தலைப்பு மருத்துவமனையின் நீண்ட பெயரோடுதான் தொடங்குகிறது. துறை வருவதற்குள் மூன்று புள்ளியோடு வரி அறுந்துவிடுகிறது.

ஏன் அறுகிறது? தேடுபொறி எழுத்தை எண்ணி வெட்டுவதில்லை, திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. தமிழில் எண்ணிக்கையே குழப்பம்தான். ‘விருத்தாசலம்’ நமக்கு 7 எழுத்து. காலும் புள்ளியும் போன்றவை தனிக்குறிகள் என்பதால் கணினிக்கு 12. அதனால் எழுத்து எண்ணும் கருவியை நம்பாமல், கைபேசியில் பார்த்துவிடுவதே மேல்.

எப்படி எழுதுவது? கற்பனை டாக்டர் ஒருவருக்கு:

```html
<title>நுரையீரல் மருத்துவர், விருத்தாசலம் – டாக்டர் க. மாறன்</title>
<meta name="description" content="தூசி இருமல், ஆஸ்துமா. தமிழ், இந்தி பேசுவார். செவ்வாய், வெள்ளி மட்டும்.">
```

பட்டங்களின் வரிசை பக்கத்துக்குள் இருக்கட்டும். மொழியைச் சொல்வது வெளிமாநிலத் தொழிலாளிக்கு உதவும். இந்த விவரணத்தால் கூகுள் தரவரிசை உயராது. யார் சொடுக்குவார்கள் என்பதுதான் மாறும். பொருந்தவில்லை என்று பட்டால், கூகுள் பக்கத்திலிருந்தே வேறு வரியை எடுத்துக் காட்டிவிடும். ஆகவே டாக்டர் வரும் நாட்கள் பக்கத்திலும் எழுத்தாக இருக்க வேண்டும், படமாக அல்ல.

நாள்தான் இதில் வம்பு. டாக்டர் வெள்ளியிலிருந்து சனிக்கு மாறினால், தளத்தைத் திருத்திய பிறகும் தேடுபொறி மறுபடி வந்து படிக்கும்வரை பழைய வெள்ளியே தெரியும். அடிக்கடி மாறுபவருக்கு விவரணத்தில் நாளைப் போடாமல், ‘வரும் நாட்கள் உள்ளே’ என்று விடலாம்.