உடனடி அமிழ்வு: ஒரு தூணின் அடியில் நிகழ்வது

சிராங்கூன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் அணி செய்யும் பழைய கடைவீடுகளைப் பாதுகாக்கும் பொருட்டு, லிட்டில் இந்தியா 1989ஆம் ஆண்டு பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. முகப்பும் பொதுச்சுவரும் அப்படியே நிற்க, உள்ளே புதுத்தளம் ஒன்று எழுப்பப்படுவதாகக் கொள்வோம். அத்தளத்தைத் தாங்க ஒரு புதுத்தூண் வேண்டும்; தூணுக்குக் கீழே ஓர் அடித்தளம் வேண்டும். நூறாண்டாகத் தன் எடையைச் சுமந்து வரும் பழைய சுவர், இறங்க வேண்டிய அளவில் பெரும்பகுதியை இறங்கி முடித்துவிட்டது. புதுத்தூணோ இனிமேல்தான் இறங்கப் போகிறது. அருகருகே நிற்கும் இரண்டில் ஒன்று மட்டும் இறங்கினால் இடையிலுள்ள தளமும் சுவரும் விரிசல் காணும். ஆகவே தூண் எவ்வளவு இறங்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க வேண்டியுள்ளது.

பொறியாளர்கள் இவ்விறக்கத்தை அமிழ்வு என்பர். சுமை ஏறும்போதே நிகழும் பகுதிக்கு உடனடி அமிழ்வு என்று பெயர். இங்கே ‘உடனடி’ என்னும் சொல்லைக் கவனித்துப் பொருள்கொள்ள வேண்டும். நீர் நிறைந்த களிமண்ணில் அச்சொல் கடிகாரத்தைக் குறிப்பதில்லை. நீர் வெளியேறுவதற்கு முந்திய நிலையைக் குறிக்கிறது. களிமண்ணின் நுண்துளைகளிலிருந்து நீர் மிக மெல்லவே கசியும். கட்டுமானம் நடக்கும் சில மாதங்களில் அது பெரும்பாலும் வெளியேறுவதில்லை. எனவே மண்ணின் கனஅளவு மாறாது. உருவம் மட்டுமே மாறும். அடித்தளத்தின் கீழ் அமுங்கும் மண் பக்கவாட்டில் விலகி இடம் தருகிறது. இந்த நிலையில் பாய்சான் விகிதம் 0.5 ஆகும்.

கணிப்புக்கான வாய்பாடு மீள்மைக் கோட்பாட்டிலிருந்து வருகிறது. மண்ணை எல்லையின்றி ஆழ்ந்த, எங்கும் ஒரே தன்மையுள்ள மீள்பொருளாகக் கொண்டு, அதன் மேற்பரப்பில் ஒரு புள்ளிச் சுமை வைத்தால் என்ன நிகழும் என்பதற்கு பூசினெஸ்க் 1885இல் தீர்வு கண்டார். அத்தீர்வைச் செவ்வகப் பரப்பு முழுவதற்கும் கூட்டி ஷ்லைகர் 1926இல் விடை தந்தார். அதன் வடிவம் இது:

s = q B (1 − ν²) I / E

s என்பது அமிழ்வு. q என்பது அடித்தளம் மண்மீது செலுத்தும் அழுத்தம். B அதன் அகலம். ν பாய்சான் விகிதம். E மண்ணின் மீள்மைக் குணகம். எஞ்சியிருக்கும் I என்பதே செல்வாக்குக் காரணி. இது அடித்தளத்தின் வடிவத்தையும், விறைப்பையும், எந்தப் புள்ளியின் அமிழ்வை நாம் கேட்கிறோம் என்பதையும் மட்டுமே பொறுத்தது. மண்ணைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

எளிதில் வளையும் சதுரப் பரப்பின் மூலைக்கு I = 0.56. நடுப்புள்ளிக்கு எவ்வளவு? சதுரத்தை நான்கு சிறு சதுரங்களாகப் பிரித்தால், நான்கின் மூலைகளும் நடுவில் சந்திக்கும். சிறு சதுரத்தின் அகலம் பாதி என்பதால் ஒவ்வொன்றும் தரும் அமிழ்வும் பாதி. நான்கு பாதிகள் சேர்ந்து இரு மடங்காகும்; ஆகவே 1.12. வளையும் பரப்பு நடுவில் மூலையைவிட இரு மடங்கு இறங்கும் என்பது இதன் பொருள். தடித்த கான்கிரீட் அடித்தளம் வளையாது. முழுதும் ஒரே அளவில் இறங்கும். அதற்கு I ஏறத்தாழ 0.82.

இப்போது நம் தூணுக்கு வருவோம். லிட்டில் இந்தியாவின் தென்புறத்தே ரோச்சோர் கால்வாயை ஒட்டிய தாழ்நிலத்தில் காலாங் படிவத்தைச் சேர்ந்த மென்மையான கடற்களிமண் உண்டு. அத்தகைய மண்ணின் வடிகாலற்ற வெட்டுவலிமை 25 கிலோபாஸ்கல் என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மீள்மைக் குணகத்தை அதன் 300 மடங்காக, அதாவது 7,500 கிலோபாஸ்கலாக வைப்போம். அடித்தளம் 2 மீட்டர் சதுரம்; சுமை 160 கிலோநியூட்டன்; ஆகவே அழுத்தம் 40 கிலோபாஸ்கல். 40ஐ 2ஆலும், 0.75ஆலும், 0.82ஆலும் பெருக்கினால் 49.2, அதை 7,500ஆல் வகுத்தால் 0.0066 மீட்டர். தூண் ஏறத்தாழ ஆறரை மில்லிமீட்டர் இறங்கும்.

பழைய சுவர் 5 மீட்டர் தொலைவில் இருப்பின், சரிவு ஏறக்குறைய 760இல் ஒரு பங்கு. சுவர்களில் விரிசல் தோன்றத் தொடங்கும் எல்லையாக 300இல் ஒரு பங்கு என்பதை ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் 1956இல் முன்வைத்தனர். நம் அளவு அதற்குள் அடங்குகிறது. அன்றியும் சுமை ஏற ஏறவே இவ்வமிழ்வு நிகழ்வதால், சுமை ஏறி முடிந்தபின் பூச்சு வேலையைச் செய்தால் அதன் விளைவு பெரிதும் மறைந்துவிடும்.

ஆயினும் இவ்விடையை எவ்வளவு நம்பலாம்? குணகத்தை 300 மடங்குக்குப் பதிலாக 200 மடங்காகக் கொண்டால் அமிழ்வு கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர். 400 மடங்காகக் கொண்டால் 5. வடிவக் காரணியை இரண்டு தசம இலக்கம் வரை அறிந்திருக்கிறோம். மண்ணின் குணகத்தையோ இரு மடங்கு வேறுபாட்டுக்குள்ளேதான் அறிகிறோம். மாதிரி எடுக்கும்போது மண் குலைந்தால் ஆய்வகத்தில் குணகம் குறைவாகத் தோன்றும். மேலும், அழுத்தம் மண்ணின் தாங்குவலிமையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அடித்தளத்தின் ஓரங்களில் மண் இளகத் தொடங்கும்; அப்போது வாய்பாடு உண்மையைவிடக் குறைத்தே சொல்லும். நம் எடுத்துக்காட்டில் அது நான்கில் ஒரு பங்கு அளவே.

இனி மணலைப் பார்ப்போம். கடலை மீட்டு மணல் நிரப்பிய நிலம் சிங்கப்பூரில் மிகுதி. மணலில் நீர் விரைந்து வெளியேறுவதால் அமிழ்வின் பெரும்பகுதி சுமையோடு சேர்ந்தே முடிந்துவிடும். ஆனால் மணலின் விறைப்பு ஆழத்தோடு மாறுவதால் ஒரே குணகம் பொருந்தாது. இதற்காக ஷ்மெர்ட்மன் 1970இல் வேறொரு செல்வாக்குக் காரணியைத் தந்தார். அது அடித்தளத்தின் அடியில் சுழியாகத் தொடங்கி, அகலத்தின் பாதி ஆழத்தில் 0.6 ஆகி, அகலத்தின் இரு மடங்கு ஆழத்தில் மீண்டும் சுழியாகும் ஒரு முக்கோணம். மண்ணை அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் அக்காரணியை அந்த அடுக்கின் குணகத்தால் வகுத்துக் கூட்ட வேண்டும். அதே அடித்தளத்துக்கு மணலின் குணகம் எங்கும் 10,000 கிலோபாஸ்கல் எனக் கொண்டால், ஆழத்துக்கும் காலத்துக்குமான திருத்தங்களை விட்டுவிட்டு, அமிழ்வு 4.8 மில்லிமீட்டர். பெயர் ஒன்றே எனினும் பொருள் இரண்டு: களிமண் வாய்பாட்டில் அது மேற்பரப்பின் இறக்கத்துக்கான வடிவ எண், இங்கோ ஒவ்வோர் ஆழத்திலும் மண் சுருங்கும் விகிதத்தின் அளவு. ஒன்றின் மதிப்பை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் விடை பொருளற்றதாகும்.

சொல் குறித்த கவனம் களிமண்ணில் இன்னும் இன்றியமையாதது. ஆறரை மில்லிமீட்டர் என்று கேட்ட கடை உரிமையாளர் தூண் அவ்வளவுதான் இறங்கும் என்று கருதினால், பிழை கணக்கில் இல்லை. ‘உடனடி’ என்பதை ‘மொத்தம்’ என்று கொண்டதில் உள்ளது. அடைபட்ட நீர் ஆண்டுக்கணக்கில் கசிந்து வெளியேற, மென்களிமண் இறுகிக்கொண்டே செல்லும். அவ்விறுகல் அமிழ்வு உடனடி அமிழ்வைப் பன்மடங்கு மிஞ்சக்கூடும். அதை வேறு சோதனையால் தனியே கணிக்க வேண்டும். இரண்டையும் களத்தில் பிரித்தறியும் வழி எளிது. தூணில் ஒரு குறி பொறித்து, அசையாத ஓரிடத்தை ஆதாரமாக வைத்து அதன் மட்டத்தை அளந்து வருக. சுமை ஏறும்போது இறங்கி, சுமை நின்றதும் நின்றால் அது உடனடி அமிழ்வு. சுமை நின்றபின்னும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே தொடர்ந்தால் மண் இறுகுகிறது. சுமை மாறாதிருக்கவும் இறக்கம் விரைவுபடுமாயின், தாங்குவலிமை தீர்ந்துவருகிறது. வாய்பாட்டை மூடிவைத்துச் சுமையை இறக்க வேண்டிய வேளை அது.