மனுவில் ஒரு வரி: ஆரணியில் அன்றும் இன்றும்

கைத்தறிக்கு ஒதுக்கிய சேலையை விசைத்தறியில் நெய்கிறார்கள் என்று புகார் எழுத, ஆரணி நெசவாளர்கள் பல ஆண்டுகளாகவே மனு எழுதுபவரிடம் வந்து உட்காருகிறார்கள். அன்று, ஆரணி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், தட்டச்சில் விழுந்த வரி இவ்வளவுதான்: “1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை மீறியுள்ளார்.” அப்படிப்பட்ட மனுக்களை நானே படித்திருக்கிறேன். நெசவாளியின் வயிற்றெரிச்சல் அதில் முழுதாக இருக்கும். அதிகாரி கையில் பிடிக்க ஒன்றும் இருக்காது.

கைத்தறி (உற்பத்திக்கான பொருள்கள் ஒதுக்கீடு) சட்டம், 1985 என்று முழுப் பெயரும், மத்தியச் சட்டம் 22/1985 என்று எண்ணும் முதலில் வர வேண்டும். அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு ஒதுக்கீட்டு ஆணை போட அரசுக்கு அதிகாரம் தருகிறது, அவ்வளவே. ஆணைக்கு மாறாக நெய்யக் கூடாது என்று தடுப்பது 5-ஆம் பிரிவு. தண்டனை 10-ஆம் பிரிவில். ஆகவே இன்று நான் எழுதும் வரி: “3-ஆம் பிரிவின் (1)-ஆம் உட்பிரிவின்படி பிறப்பித்த ஆணைக்கு மாறாக நெய்து, 5-ஆம் பிரிவை மீறி, 10-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியவராகிறார்.”

அடுத்து, எந்த ஆணை? முதலில் 22 வகைத் துணிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1996 ஜூலை 26 ஆணையில் அது 11 ஆனது. பின்னர் 2008 செப்டம்பர் 3-இல் வேறோர் ஆணை வந்தது. சேலை பட்டியலில் நீடித்தாலும், பழைய பட்டியலை நம்பிப் புகார் எழுதினால் அது அடிபட்டுப்போகும். சம்பவம் நடந்த நாளில் எந்த ஆணை நடப்பில் இருந்ததோ அதன் எண்ணும் தேதியும்தான் வேண்டும்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் ‘புவிசார் குறியீடு’ என்பதற்கான வரையறை, 2-ஆம் பிரிவு, (1)-ஆம் உட்பிரிவு, ஐந்தாவது கூறு. ஆங்கில மூலத்தில் உள்ள ‘(e)’ என்ற எழுத்தின் ஒலியை வைத்து ‘(ஈ)’ என்று தட்டினால், தமிழ் வரிசையில் அது நான்காவது கூறாகிவிடும். பார்வைக்குச் சின்னத் தவறு. ஆனால் படிப்பவர் வேறொரு வரையறையைப் புரட்டிக்கொண்டிருப்பார். ‘ஐந்தாவது கூறு’ என்று சொல்லாலேயே எழுதிவிடுவேன்.

மாநில அரசாணைக்கும் இதே கவனம் வேண்டும். ‘அரசாணை எண் 45’ என்றால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. நிலை, வாலாயம் என்று வகையும் வேறு. வகை, எண், துறை, தேதி நான்கும் சேர்ந்தால்தான் அது ஓர் ஆணை.

மனு எழுத வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: யாரோ சொன்ன எண்ணோடு வராதீர்கள், ஆணையின் நகலோடு வாருங்கள்.