விட்ட பணத்துக்கு ஒரு கணக்கு: மனைவிக்குக் கணவன் எழுதும் கடிதம்

இணையச் சூதாட்டத்தில் பணத்தை விட்ட இளம் கணவன் அதை மனைவியிடம் ஒப்புக்கொண்டு எழுதும் கடிதம், மன்னிப்புக் கடிதமாக இருப்பதைவிடக் கணக்குக் கடிதமாக இருக்க வேண்டும். கண்ணீரும் சத்தியமும் எத்தனை பக்கம் இருந்தாலும், எவ்வளவு போனது, யாருக்கு எவ்வளவு பாக்கி, மாதாமாதம் எங்கிருந்து கட்டப்போகிறான் என்பவை இல்லையென்றால் அந்தக் கடிதத்தால் வீட்டுக்குப் பயன் இல்லை. வாயால் சொல்லும்போது தொகை சுருங்கிவிடும். மனைவியின் முகம் மாறுவதைப் பார்த்ததும் நான்கு லட்சம் இரண்டு லட்சமாகிவிடுகிறது. எழுத்தில் அது அவ்வளவு எளிதல்ல.

முதல் தடவை பாதியைச் சொல்வதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு. மீதி பாதி சில வாரங்களில் ஒரு வசூல்காரரின் போன் வழியாகவோ வங்கியின் குறுஞ்செய்தி வழியாகவோ வெளியே வரும். இழந்த பணத்தைத் தாங்கிக்கொள்ளும் பெண்கள்கூட இந்த இரண்டாவது பொய்யைத் தாங்குவதில்லை. அதனால் எழுத உட்காரும் முன் ஆவணங்களைச் சேர்க்க வேண்டும். வங்கிக் கணக்கின் ஓராண்டு விவரம், யூபிஐ பரிவர்த்தனைப் பட்டியல், கிரெடிட் கார்டு பில், நகை அடகுச் சீட்டு, கடன் தகவல் அறிக்கை ஆகியவை மேசைமேல் இருக்க வேண்டும். கடன் தகவல் அறிக்கையைத் தரும் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நண்பரிடம் வாங்கிய கைமாற்றும், பதிவில்லாத கடன் செயலிகளின் கடனும் அதில் வராது. அவற்றை அவன்தான் நினைவிலிருந்து எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளர். கைக்கு வரும் சம்பளம் 34,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 14,000. ஐ.பி.எல். சமயத்தில் நூறும் இருநூறுமாகத் தொடங்கிய பந்தயம் ஒன்றரை வருடத்தில் எங்கோ போய்விட்டது. அவன் எழுதும் கடிதத்தின் முதல் பகுதி இப்படி இருக்கலாம்:

“இதைப் படிக்கும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கிரிக்கெட் பந்தயத்தில் வட்டியோடு சேர்த்து மொத்தம் 4,30,000 ரூபாய் விட்டுவிட்டேன். அதில் 72,000 நம்ம சேமிப்பு. மீதி 3,58,000 கடன். வங்கியில் தனிநபர் கடன் 1,40,000. கிரெடிட் கார்டில் 58,000. இரண்டு கடன் ஆப்பில் 30,000. கம்பெனி நண்பனிடம் 40,000. உன் வளையல் லாக்கரில் இல்லை. உன்னைக் கேட்காமல் 90,000-க்கு அடகு வைத்திருக்கிறேன். இதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. எல்லாச் சீட்டும் இந்தக் கவருக்குள் இருக்கிறது.”

இந்த வரிகளில் ‘நண்பர்கள் இழுத்துவிட்டார்கள்’ என்றோ ‘உனக்காகத்தான் சம்பாதிக்க நினைத்தேன்’ என்றோ ஒரு சொல் இல்லை. இழந்தது வேறு, இன்னும் கட்ட வேண்டியது வேறு என்பது பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. கடனை மட்டும் சொல்லி, கரைந்துபோன சேமிப்பைச் சொல்லாமல் விடுவது வழக்கமான மறைப்பு. குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் எடுக்கப் போகும் நாளில்தான் மனைவிக்கு அது தெரியவரும்.

வளையல் பற்றிய வரி தனியாக நிற்பதற்குக் காரணம் உண்டு. சீதனம் மனைவியின் தனிச் சொத்து. அதில் கணவனுக்கு உரிமை இல்லை. நெருக்கடியில் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஒரு வழக்கில் மீண்டும் உறுதிசெய்தது. ஆகவே நகையை மீட்பது அவன் அவளுக்குச் செய்யும் சலுகை ஆகாது. கடன்காரர்களின் வரிசையில் மனைவியும் ஒருவர் என்ற நினைப்போடுதான் திட்டத்தை எழுத வேண்டும்.

அடுத்தது அடைக்கும் திட்டம். 1957-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ என்ற சுயஉதவிக் குழுவில் இதற்கென்றே ஒரு கூட்டம் நடத்துவார்கள். சூதாடியவரும் அவருடைய துணையும் அனுபவமுள்ள உறுப்பினர்களோடு உட்கார்ந்து, கடன் முழுவதையும் எழுதி, குடும்பச் செலவை முதலில் ஒதுக்கி, மிச்சத்தைக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார்கள். வீடு முதலில், கடன் பிறகு என்ற இந்த வரிசைதான் முக்கியம். குற்ற உணர்வில் சம்பளம் முழுவதையும் கடனுக்குக் கட்டுகிறவனுக்கு இருபதாம் தேதி கையில் காசு இருக்காது. அப்போது ஒரு பந்தயம் ஆடிப் பார்க்கலாம் என்று மறுபடி மனம் போகும்.

திருப்பூர்க் கணவனின் திட்டத்தில் மனைவியின் 14,000 ரூபாய் கணக்கில் வரவே இல்லை. அது அவளுடையதாகவே இருக்கிறது. அவன் சம்பளத்தில் வாடகை, மளிகை, பால், கரண்ட், பஸ், அவசரத்துக்கு ஒதுக்கும் 1,500 எல்லாம் சேர்த்து 19,000 வீட்டுக்குப் போகிறது. கடனுக்கு மிஞ்சுவது 15,000. கடன் ஆப்களை இந்தப் பணத்தில் இழுத்தடிக்க முடியாது; அவற்றின் கெடு குறுகியது, வசூல் தொல்லையும் அதிகம். எனவே அவன் தன் மோட்டார் சைக்கிளை 32,000-க்கு விற்று இரண்டையும் உடனே முடிக்கிறான். பாக்கி இல்லை என்ற சான்றையும் வாங்கி வைக்கிறான். தனிநபர் கடனின் தவணை 5,600. நகைக் கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாத வட்டி 900.

கிரெடிட் கார்டில் கவனம் தேவை. மாதம் 3.5 சதவீத வட்டியில் 58,000-க்கு ஒரு மாத வட்டி 2,030 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 365. பல வங்கிகள் கேட்கும் குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம், அதாவது 2,900. அதை ஒழுங்காகக் கட்டினாலும் அசலில் குறைவது சுமார் 500 ரூபாய்தான். அதே பாக்கியை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையாக மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்டால், மாதம் ஏறக்குறைய அதே 2,900 வரும். ஆனால் இரண்டு வருடத்தில் கடன் முடிந்துவிடும். மாற்றிய கையோடு கார்டில் புதிதாகச் செலவு செய்ய முடியாதபடி முடக்க வேண்டும்.

இவையெல்லாம் போக மாதம் 5,600 மிஞ்சுகிறது. அதில் நண்பனுக்கு 2,000, நகைக் கடனின் அசலுக்கு 3,600. இருபது மாதத்தில் நண்பனின் கடன் தீரும். நகைக் கடன் 18,000-க்கு இறங்கியிருக்கும். அதன்பின் 5,600-ம் நகைக்கே போனால் அடுத்த நான்கு மாதத்துக்குள் வளையல் வீட்டுக்கு வந்துவிடும். நகைக் கடனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கும்; தேதியை விட்டால் ஏலம்வரை போகும் என்பதால் அந்தத் தேதியும் கடிதத்தில் இருக்க வேண்டும். தனிநபர் கடன் 15 சதவீத வட்டியில் முப்பது மாதம் ஓடும். ஆக இரண்டரை வருடம். தீபாவளி போனஸ் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. வந்தால் நாள் குறையும், வராவிட்டாலும் திட்டம் நிற்கும்.

இத்தனை கணக்கும், பணம் மறுபடி அவன் விரல் நுனியில் இருந்தால் வீண். எனவே கடிதத்தின் மூன்றாவது பகுதி கட்டுப்பாட்டைப் பற்றியது:

“சம்பளக் கணக்கின் பாஸ்வேர்டு, ஏடிஎம் கார்டு எல்லாம் உன்னிடம். என் போனில் யூபிஐ இருக்காது. வாரத்துக்கு 500 ரூபாய் கையில் கொடு, போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என் கடன் அறிக்கையை நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம். மறுபடி ஆடிவிட்டால் அன்றைக்கே உன்னிடம் சொல்வேன். எங்க அப்பாவிடமோ உங்க வீட்டிலோ நீ இதற்காகப் பணம் கேட்கக் கூடாது.”

நான்கு நிறுவனங்களின் இலவச அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால், ஆண்டு முழுவதும் செலவில்லாமல் கண்காணிக்கலாம். கடைசி வரிதான் பல குடும்பங்களுக்கு ஏற்றுக்கொள்ளக் கடினமானது. மகன் மானம் போகக் கூடாது என்று அப்பா நிலத்தை விற்று ஒரே நாளில் கடனை அடைப்பார். கடன் மறையும், பழக்கம் மறையாது. கடன் வாங்கும் தகுதி மறுபடி திரும்பிவந்ததும் அடுத்த கடன் தொடங்கும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு சூதாட்ட நோய்க்குச் சொல்லும் அடையாளங்களில், பண நெருக்கடியிலிருந்து மீள மற்றவரை நம்பியிருப்பதும் ஒன்று. மறைத்துப் பொய் சொல்வதும், விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பி ஆடுவதும் அதே பட்டியலில் இருக்கின்றன. திட்டத்தில் எங்காவது ‘ஒரே ஒரு பெரிய ஆட்டம் ஜெயித்தால்’ என்ற எண்ணம் ஒளிந்திருந்தால் அது அடைக்கும் திட்டமே அல்ல.

சட்டத்தில் இரண்டு செய்திகள் இந்தக் கடிதத்துக்கு உதவும். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது. புக்கியிடம் பாக்கி வைத்திருந்தால் அதைத் திட்டத்தில் சேர்த்து, அதற்காகப் புதுக் கடன் வாங்கத் தேவையில்லை; மிரட்டினால் காவல்துறைக்குப் போகலாம். ஆனால் வங்கியில் வாங்கிய கடன் எதற்குச் செலவானாலும் கடன்தான். அந்தக் கடனில் மனைவி கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடவில்லை என்றால் அவரிடம் வசூலிக்க முடியாது. எனவே ‘எல்லாவற்றையும் ஒரே கடனாக்குகிறேன், நீயும் ஒரு கையெழுத்துப் போடு’ என்று கேட்பவனுக்கு மனைவி மறுப்பதே நல்லது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்களும் தனிப்பட்ட புக்கிகளும் அதற்குப் பிறகும் கைபேசிக்குள் வர முடியும் என்பதால் சட்டத்தை மட்டும் நம்பி வீட்டில் காவலைத் தளர்த்த முடியாது.

கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போவது கூடாது. அதை எழுதியவன் பக்கத்தில் இருந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மனைவி அன்றைக்கே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் அவனுக்கு உரிமை இல்லை. கடிதத்தில் கணக்கே இல்லாமல், ‘இனிமேல் உனக்குத் தொல்லை இருக்காது’, ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்பது போன்ற வரிகள் மட்டும் இருந்தால், அதைக் கடனைப் பற்றிய கடிதமாகப் படிக்கக் கூடாது. அவனைத் தனியே விடாமல், கோபத்தையும் கணக்கையும் தள்ளி வைத்துவிட்டு, உடனே 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அரசு நடத்தும் அந்த இலவச மனநல உதவி எண்ணில் இரவிலும் பகலிலும் தமிழில் பேசலாம்.